கையெழுத்துப்படியும் அட்டைக் கோப்பும்: எங்களிடம் தரும் முறை, நாங்கள் பாதுகாக்கும் முறை

எங்கள் பதிப்பகத்தில் நூல் வெளியிடும் எழுத்தாளர்களுக்கும் அவர்களுக்கு அட்டை வரைந்து தரும் ஓவியர்களுக்கும் இந்தக் குறிப்பு. கீழே வரும் விதிகள் எல்லாம் ஒரே ஒரு கேள்வியிலிருந்து பிறந்தவை: இந்த நிமிடத்தில் உண்மையான பிரதி எது, அது யார் கையில் இருக்கிறது? இதற்கு எழுத்தாளர், செம்மையாக்குநர், பக்க வடிவமைப்பாளர் என எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல முடிகிறவரை வேலை ஒழுங்காக நடக்கும். இரண்டு பதில்கள் வந்துவிட்டால் எங்கோ ஒரு திருத்தம் தொலைந்துவிட்டது என்று பொருள்.

முதலில் எழுத்துரு

கையெழுத்துப்படி யூனிகோடில், வேர்டின் .docx கோப்பாக வர வேண்டும். எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்கிறீர்கள் என்பது பெரிதல்ல. லதா, நிர்மலா, நோட்டோ எதுவானாலும் வடிவமைப்பின்போது மாறிவிடும். உள்ளே இருப்பது யூனிகோடா என்பதுதான் கேள்வி. பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் திரையில் தமிழ் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது, அவ்வளவே.

சோதிப்பது எளிது. ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். "தமிழ்" என்ற சொல் தமிழாகவே வந்தால் யூனிகோட். `jkpo;` என்று வந்தால் பாமினி.

பாமினியில் இருந்தால் அப்படியே எங்களுக்கு அனுப்புங்கள், நாங்கள் மாற்றிக்கொள்கிறோம். இணையத்தில் கிடைக்கும் மாற்றியில் நீங்களே போட்டு மாற்றிய கோப்பை மட்டும் அனுப்ப வேண்டாம். காரணம் இதுதான்: மாற்றிக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று தெரியாது. பிரதியில் நீங்கள் ஆங்கிலத்திலேயே விட்டிருந்த email என்ற சொல்லையும் பாமினி என்றே நினைத்து "நஅயடை" என்று ஆக்கிவிடும். தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அடிக்குறிப்பு எண் எல்லாம் அந்த வழியில் உதிர்ந்துபோகும். மூலக் கோப்பு கையில் இருந்தால் எந்த இடத்தில் எது உதிர்ந்தது என்று பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். இல்லாவிட்டால் ஊகிக்கத்தான் வேண்டும்.

பிடிஎஃப் கோப்பைக் கையெழுத்துப்படியாக ஏற்பதில்லை. பிடிஎஃப் நினைவில் வைத்திருப்பது எழுத்து பக்கத்தில் எங்கே அச்சாக வேண்டும் என்பதைத்தான். தமிழில் ெ, ே, ை ஆகிய குறிகள் மெய்க்கு இடப்பக்கம் அச்சாகின்றன, ஆனால் யூனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகின்றன. அதனால் பிடிஎஃப்பிலிருந்து உரையை உருவினால் பல நேரம் "கெ" என்பது "ெக" ஆகப் புரண்டு வரும். முந்நூறு பக்கத்தில் அதைக் கையால் சரிசெய்வதைவிடப் புதிதாகத் தட்டச்சு செய்வது விரைவு.

கண்ணுக்குத் தெரியாத பிழை

யூனிகோடில் இருந்தும் கெட்டுப்போகிற ஒன்று உண்டு. அது ஔகாரம். "ஔவை" என்ற சொல்லின் முதல் எழுத்து ஒரே குறியீடு, 0B94. பலர் அதை ஒ, ள என்று இரண்டு எழுத்துகளாகத் தட்டச்சு செய்கிறார்கள்: "ஒளவை". பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. அப்படியே "கௌதமன்" என்பதை "கெளதமன்" என்று தட்டுவதும். அச்சில் யாரும் கவனிக்காமல் போகலாம். ஆனால் சொல்லடைவில் கௌதமன் ஓரிடத்திலும் கெளதமன் வேறிடத்திலுமாக இரண்டு ஆட்களாகிவிடுவார். மின்னூலில் பெயரைத் தேடுகிற வாசகருக்குப் பாதி இடங்கள் அகப்படாது.

ஐயம் வந்தால் வேர்டில் அந்த எழுத்துக்கு அடுத்து சுட்டியை வைத்து `Alt+X` அழுத்துங்கள். எழுத்துக்குப் பதில் அதன் குறியீடு தெரியும். 0B94 என்றால் சரியான ஔ. 0BB3 என்றால் அது ளகரம். மீண்டும் `Alt+X` அழுத்தினால் எழுத்து திரும்பிவிடும்.

இதை நூல் முழுக்க ஒரே கட்டளையில் மாற்றிவிடலாமே என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். "ஒள" என்பதை எல்லா இடத்திலும் "ஔ" ஆக்கினால் "ஒளி", "ஒளிந்தான்" எல்லாம் சிதையும். "கெள" என்பதை மாற்றினால் கெளுத்தி மீன் செத்துப்போகும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டிய வேலை இது. நாங்கள் செம்மையாக்கத்தின்போது செய்கிறோம். நீங்கள் தட்டச்சு செய்யும்போதே சரியாக வந்தால் பெரும் உதவி.

வேர்ட் கோப்பைப் பற்றி இன்னும் சில. இயல் தலைப்புகளுக்கு `Heading 1` பாணியைப் பயன்படுத்துங்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் அது உங்கள் கண்ணுக்கு மட்டுமே தலைப்பு, வடிவமைப்பு மென்பொருளுக்கு வெறும் பத்திதான். அடிக்குறிப்புகளை வேர்டின் அடிக்குறிப்பு வசதியிலேயே இடுங்கள். பத்தியின் தொடக்கத்தில் இடைவெளி விட ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டாம், கவிதையின் உள்தள்ளலுக்கும் வேண்டாம். கவிதை வரியின் உள்தள்ளல் பொருளோடு சம்பந்தப்பட்டது என்றால் ஒரு டேப், இரண்டு டேப் என்று வைத்து, அதைத் தனிக் குறிப்பில் சொல்லிவிடுங்கள். படங்களை வேர்டுக்குள் ஒட்டினால் அது அவற்றைச் சுருக்கிச் சேமித்துவிடக்கூடும். உரைக்குள் [படம் 3] என்று மட்டும் குறித்துவிட்டு, மூலப் படத்தைத் தனிக் கோப்பாகத் தாருங்கள்.

கோப்பின் பெயர்

ஒப்பந்தம் ஆனவுடன் உங்கள் நூலுக்கு ஓர் எண் தருவோம். எடுத்துக்காட்டாக, ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு b047 என்று வைத்துக்கொள்வோம். அதன் கோப்புகள் இப்படி இருக்கும்:

```
b047_text_v01_2025-03-10.docx
b047_text_v02_2025-04-02.docx
b047_cover_v01_2025-05-20.pdf
```

நூல் எண், உள்ளடக்கமா அட்டையா, பதிப்பு எண், நாள். நாளை ஆண்டிலிருந்து தொடங்கி எழுதுவதால் பெயர்வரிசையே காலவரிசையாக அமைகிறது. பதிப்பு எண்ணை 1, 2 என்று எழுதாமல் 01, 02 என்று எழுதுவதும் அதற்கே. இல்லாவிட்டால் 10 வந்து 2க்கு முன்னால் நின்றுவிடும். "final" என்ற சொல் எங்கள் கோப்புப் பெயர்களில் கிடையாது. final வந்த இடத்தில் final_new வரும், பிறகு final_new_correct வரும். மூன்றில் எது கடைசி என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நூலின் தலைப்பைத் தமிழில் கோப்புப் பெயராக வைக்காததற்கும் காரணம் உண்டு. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க, ொ என்று இரண்டு குறியீடாக, அல்லது க, ெ, ா என்று மூன்றாக. இரண்டும் ஒன்றே என்பது யூனிகோடின் விதி. ஆனால் எல்லாக் கணினிகளும் கோப்புப் பெயரில் அந்த விதியைப் பின்பற்றுவதில்லை. ஒரு மேக்கிலிருந்து விண்டோஸுக்கும் திரும்பவும் போய்வந்த கோப்புறையில் "கொடிமரம்" என்று இரண்டு கோப்புகள், பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோல, அருகருகே நிற்பது நடக்கக்கூடியது. சில பழைய ஜிப் மென்பொருள்களோ தமிழ்ப் பெயரை முழுக்கக் குப்பையாக்கிவிடும். கோப்புக்குள் தமிழ் இருக்கட்டும், பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்.

பிரதி கைமாறும் முறை

இதுதான் இந்தக் குறிப்பின் நடுப்பகுதி. b047ஐயே எடுத்துக்கொள்வோம்.

நீங்கள் v01 அனுப்புகிறீர்கள். அதைப் பெற்ற அன்றே, திறந்துகூடப் பார்க்காமல், ஒரு நகலைப் "பெறப்பட்டவை" கோப்புறையில் எழுத முடியாதபடி பூட்டி வைப்போம். பின்னால் எது எப்போது மாறியது என்ற கேள்வி எழுந்தால் திரும்பிப் போக ஒரு தரை வேண்டும், அது இதுதான். பெற்றுக்கொண்டோம் என்று கோப்புப் பெயரோடும் சொல் எண்ணிக்கையோடும் பதில் எழுதுவோம். அந்த எண்ணிக்கை உங்கள் கணினி காட்டுவதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு கதை விடுபட்ட கோப்பை அனுப்பியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

அந்த நிமிடத்திலிருந்து பிரதி எங்கள் கையில். செம்மையாக்கம் நடக்கும் வாரங்களில் உங்கள் கணினியில் உள்ள v01ஐத் தொட வேண்டாம். ஏதாவது தோன்றினால் ஒரு தாளில் குறித்து வையுங்கள். செம்மையாக்குநர் `Track Changes` இட்டு v02 அனுப்புவார். இப்போது பிரதி உங்கள் கையில், நாங்கள் தொட மாட்டோம். ஒவ்வொரு மாற்றத்தையும் ஏற்கலாம், மறுக்கலாம், ஓரத்தில் கேள்வி எழுதலாம். உங்கள் தாளில் குறித்தவற்றையும் இப்போது சேர்க்கலாம், ஆனால் `Track Changes` அணைக்கப்படாமல் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏற்றுவிட்டுச் சுத்தமான கோப்பாக அனுப்பினால், நீங்கள் புதிதாக எழுதிய வாக்கியம் எது என்று எங்களுக்குத் தெரியாது. அது ஒரு மெய்ப்பும் பார்க்கப்படாமல் வடிவமைப்புக்குப் போய்விடும். அச்சில் வெளிவரும் பிழைகளில் கணிசமானவை இப்படிக் கடைசியில் நுழைந்த வாக்கியங்களில்தான் இருக்கின்றன.

தவறுதலாக அப்படி நேர்ந்துவிட்டால் சொல்லிவிடுங்கள். வேர்டில் `Review > Compare` என்ற வழியில் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் கொடுத்தால் வேறுபாடுகளை அது குறித்துக் காட்டும். அரைமணி நேர வேலை. சொல்லாமல் விட்டால்தான் சிக்கல்.

நீங்கள் v03 அனுப்புகிறீர்கள், அது ஒப்புதலாகிறது. பக்க வடிவமைப்பு தொடங்குகிறது. இங்கே ஒரு திருப்பம் நேர்கிறது, பெரும்பாலோர் இதைக் கவனிப்பதில்லை. v03 என்ற வேர்ட் கோப்பு இந்த இடத்தோடு காலாவதியாகிவிட்டது. இனி உண்மையான உரை இன்டிசைன் என்ற வடிவமைப்பு மென்பொருளின் கோப்புக்குள் இருக்கிறது. முதல் மெய்ப்பில் நீங்கள் 43 திருத்தங்கள் தருகிறீர்கள், இரண்டாம் மெய்ப்பில் 11. இந்த 54ம் இன்டிசைனில் மட்டுமே போடப்படுகின்றன. உங்கள் கணினியில் உள்ள v03 அவற்றில் ஒன்றையும் அறியாது.

இரண்டு ஆண்டு கழித்து மறுபதிப்பு வருகிறது. "சில இடங்களைத் திருத்தி அனுப்புகிறேன்" என்று நீங்கள் v03ஐத் திறந்து பத்து திருத்தம் செய்து அனுப்பினால், பத்து சேரும், ஐம்பத்து நான்கு போகும். முதல் பதிப்பில் சரியாக இருந்த பெயர் இரண்டாம் பதிப்பில் தவறாக அச்சாவது இதனால்தான். எனவே அச்சுக்குப் போன வாரத்திலேயே இன்டிசைனிலிருந்து உரையைத் திரும்ப வெளியே எடுத்து, `b047_text_printed_ed1.docx` என்ற பெயரில் உங்களுக்கு அனுப்புவோம். அது வந்ததும் உங்களிடம் உள்ள v01, v02, v03 மூன்றையும் "பழையவை" என்ற கோப்புறைக்குள் தள்ளிவிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் கேட்டாலும், இதழ் ஒன்று ஒரு கதையை மறுபிரசுரம் செய்யக் கேட்டாலும், இந்த ஒன்றைத்தான் தர வேண்டும்.

மெய்ப்புத் திருத்தங்களை பிடிஎஃப்பின் மேலேயே குறிப்பாக எழுதலாம், அல்லது அட்டவணையாகத் தரலாம். அட்டவணை என்றால் நான்கு நிரல்கள் போதும்: பக்கம், மேலிருந்து வரி, இப்போது இருப்பது, இருக்க வேண்டியது. "பக்கம் 87ல் மூன்றாம் பத்தி சரியில்லை" என்றால் எங்களால் ஒன்றும் செய்ய இயலாது. "87, 14, சென்றாள், சென்றான்" என்றால் முடிந்தது. திருத்தங்களை வாட்ஸப் குரல்பதிவாக அனுப்ப வேண்டாம். ணகரமா னகரமா என்று காதால் கேட்டுப் பிரிக்க முடியாது.

ஒரு கதை கூடினால் அட்டை என்னாகும்

அட்டைக்கு வருவோம். அட்டையை முன்னட்டை ஒன்று, பின்னட்டை ஒன்று என்று தனித்தனியாக எண்ணக் கூடாது. பின்னட்டை, முதுகு, முன்னட்டை மூன்றும் சேர்ந்த ஒரே தாள் அது. இடமிருந்து வலமாக அந்த வரிசையில்தான் கோப்பு இருக்க வேண்டும். அதன் அகலம் நூலின் பக்க எண்ணிக்கையைப் பொறுத்து மாறும், ஏனென்றால் முதுகின் தடிமன் மாறும்.

b047 டெமி அளவில், வெட்டிய பின் 140 மி.மீ. அகலம், 216 மி.மீ. உயரம். அச்சுத்தாள் ஒன்று 16 பக்கமாக மடிவதை ஃபாரம் என்கிறோம். பக்கங்கள் 208, அதாவது 16 பக்க ஃபாரம் 13. பக்கங்கள் 208 என்றால் தாள்கள் 104. அச்சகம் சொன்ன தாளின் தடிமன் 0.1 மி.மீ. என்றால் உள்தாள்கள் மட்டும் 10.4 மி.மீ. அட்டைப் பலகை 0.3 மி.மீ. முன்னும் பின்னுமாக 0.6 சேர்த்தால் முதுகு 11 மி.மீ.

வெட்டும் கத்தி இம்மியளவு விலகினாலும் வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்க, நாற்புறமும் 3 மி.மீ. கூடுதலாக ஓவியம் நீள வேண்டும். அதை ப்ளீட் என்கிறோம். ஆக மொத்த அகலம் 3 + 140 + 11 + 140 + 3 = 297 மி.மீ. உயரம் 3 + 216 + 3 = 222 மி.மீ. 300 டிபிஐ அடர்த்தியில் இது 3508 × 2622 படப்புள்ளிகள். இதைவிடச் சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் புள்ளிகள் கூடும், விவரம் கூடாது.

இப்போது, முதல் மெய்ப்பு பார்த்தபின் நீங்கள் 12 பக்கக் கதை ஒன்றைச் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். பக்கங்கள் 220. ஃபாரம் கணக்கில் அது 224க்கு ஏறும். தாள்கள் 112, உள்தடிமன் 11.2, பலகையோடு முதுகு 11.8 மி.மீ. அட்டையின் மொத்த அகலம் 297.8. 0.8 மி.மீ. தானே என்று தோன்றும். ஆனால் முதுகுக்குக் கருநீலமும் முன்னட்டைக்கு வெளிர்மஞ்சளும் கொடுத்திருந்தால், முதுகு போதாமல் மடிப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் ஒரு கோடாக முதுகின் மேல் வந்து நிற்கும். நூலைக் கையில் எடுப்பவரின் கண் முதலில் அங்கேதான் போகும்.

அதனால்தான் முழு அட்டையின் இறுதி அளவை இரண்டாம் மெய்ப்பு ஒப்புதலான பிறகே ஓவியருக்குத் தருகிறோம். அதற்கு முன் அவர் முன்னட்டையை மட்டும் வரைந்து காட்டினால் போதும். முதுகின் நிறம் முன்னட்டையிலோ பின்னட்டையிலோ தொடர்ந்து பரவுமாறு வடிவமைத்தால் சிறு விலகல் தெரியாது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். முதுகிலுள்ள எழுத்துக்கு இரு மடிப்பிலிருந்தும் 2 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். 11 மி.மீ. முதுகில் எழுத்துக்குக் கிடைப்பது 7 மி.மீ. தமிழில் மேல்விலங்கும் கீழ்விலங்கும் இருப்பதால் அந்த ஏழுக்குள் எழுத்தின் உடல் இன்னும் சிறிதாகத்தான் அமையும். நீண்ட தலைப்பு வைக்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

அட்டைக்காக மூன்று பொருள்கள் எங்களுக்கு வேண்டும். ஒன்று, அச்சுக்குரிய பிடிஎஃப்: சிஎம்ஒய்கே நிறத்தில், ப்ளீடோடு, எழுத்துருக்கள் உட்பொதிந்து. இரண்டு, அடுக்குகள் பிரிந்த திறந்த கோப்பு. இன்டிசைன் என்றால் `File > Package` கொடுத்து வரும் கோப்புறை முழுவதும், எழுத்துருக்களும் இணைப்புப் படங்களும் உட்பட. மூன்று, ஓவியத்தையோ புகைப்படத்தையோ பயன்படுத்த உரியவர் தந்த எழுத்துவழி அனுமதி. மின்னூலுக்கும் மறுபதிப்புக்கும் சேர்த்துத் தரப்பட்டதா என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

திறந்த கோப்பைத் தர ஓவியர்கள் சிலர் தயங்குவது புரிகிறது. அவர்களது உழைப்பு அது. அதை வேறு நூலுக்கோ வேறு வடிவத்துக்கோ அவர் ஒப்புதலின்றிப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதித் தருகிறோம். எங்களுக்கு அது தேவைப்படுவது மேலே சொன்ன 0.8 மி.மீ. போன்றவற்றுக்கும், பின்னட்டைக் குறிப்பில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்துவதற்கும்தான். தட்டையாக்கப்பட்ட படம் மட்டும் இருந்தால் ஓர் ஒற்றுப்பிழைக்காக அட்டை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டியதாகும்.

பிழைகள் பெரும்பாலும் மூன்று இடத்தில் வருகின்றன. திரையில் பளீரென்று தெரியும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கிப்போவது முதலாவது. திரையின் ஆர்ஜிபி ஒளி காட்டும் சில நிறங்களை மையால் உண்டாக்கவே முடியாது. கடைசி நிமிடத்தில் சிஎம்ஒய்கேக்கு மாற்றி அதிர்ச்சியடைவதைவிடத் தொடக்கத்திலேயே மாற்றிப் பார்த்து வரைவது நல்லது. இரண்டாவது, சிறிய கறுப்பு எழுத்து நான்கு மையும் கலந்த கறுப்பாக இருப்பது. நான்கு தகடுகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிற நிழல் தட்டும். பின்னட்டைக் குறிப்பின் எழுத்து கறுப்பு மை மட்டும் 100 விழுக்காடாக இருக்க வேண்டும். பட்டைக்குறிக்கும் இதே விதி, அதோடு அதன் பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். மூன்றாவது, வாட்ஸப்பில் புகைப்படமாக வரும் எழுத்தாளர் படம். அனுப்பும்போதே அது சுருங்கிவிடுகிறது. அதே படத்தை "டாகுமென்ட்" என்ற வழியில் அனுப்பினால் சுருங்காது. பின்னட்டையில் 40 மி.மீ. அகலத்தில் வரும் படத்துக்குக் குறைந்தது 472 படப்புள்ளி அகலம் வேண்டும். முகம் மட்டும் வெட்டி எடுத்த பிறகு அவ்வளவு மிஞ்ச வேண்டும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

கோப்பு வந்து சேர்ந்ததா என்று அறிவது

பெரிய அட்டைக் கோப்புறையை ஜிப்பாக்கிப் பகிர்வு இணைப்பாக அனுப்புங்கள். இணைப்பு காலாவதியாகும் முன் நாங்கள் இறக்கிக்கொள்வோம். பாதியில் அறுந்த பதிவிறக்கம் சில நேரம் திறக்கவும் செய்யும், உள்ளே ஒரு படம் மட்டும் சாம்பல் கட்டமாக இருக்கும். இதைக் கண்ணால் தேடாமல் கோப்பின் கைரேகையை ஒப்பிடுகிறோம். விண்டோஸில் கட்டளைச் சாளரத்தில் இப்படிக் கொடுத்தால்:

```
certutil -hashfile b047_cover_v03.zip SHA256
```

64 எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி வரும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் இந்த வரி முழுக்க மாறிவிடும். உங்கள் பக்கத்தில் வந்ததும் எங்கள் பக்கத்தில் வந்ததும் ஒன்றாக இருந்தால் கோப்பு முழுமையாக வந்துவிட்டது. இதைச் செய்ய வசதியில்லை என்றால் கோப்பின் அளவை பைட் கணக்கில் எழுதியனுப்புங்கள். அறுந்த கோப்பை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

எங்களிடம் எப்படி இருக்கும்

ஒவ்வொரு நூலுக்கும் ஒரு கோப்புறை. உள்ளே ஐந்து அறைகள்:

```
b047/
  01_received
  02_edit
  03_layout
  04_print
  05_rights
```

முதல் அறை பூட்டிய அறை, நீங்கள் அனுப்பியது அனுப்பியபடி. இரண்டாவதில் செம்மையாக்கப் படிகள். மூன்றாவதில் உள்ளடக்கத்தின் இன்டிசைன் கோப்பும் அட்டையின் திறந்த கோப்பும். அவற்றோடு .idml வடிவிலும் ஒரு நகல் வைக்கிறோம், ஏனென்றால் புதிய இன்டிசைனில் சேமித்த கோப்பைப் பழைய இன்டிசைனால் திறக்க இயலாது, .idml என்றால் இயலும். நான்காவதில் அச்சகத்துக்குப் போன பிடிஎஃப் மட்டும், அதன் கைரேகை வரியோடு. அச்சகம் "எந்தக் கோப்பை அடிப்பது" என்று கேட்டால் இந்த அறைக்கு வெளியே யாரும் தேட மாட்டார்கள். ஐந்தாவதில் ஒப்பந்தமும் அனுமதிக் கடிதங்களும்.

இந்தக் கோப்புறைக்கு மூன்று நகல்கள். வேலை நடக்கும் கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, வேறிடத்தில் உள்ள மேகச் சேமிப்பில் ஒன்று. மேகத்தில் இருக்கிறதே, வன்தட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கணினியோடு தானாக ஒத்திசைந்துகொள்ளும் சேமிப்பு, நீங்கள் அழிப்பதையும் ஒத்திசைக்கும். இங்கே தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் சில காலம் கிடக்கும், கூகுள் டிரைவில் அது 30 நாள். மறுபதிப்பு வேலை இரண்டு ஆண்டு கழித்துத்தான் வரும். வன்தட்டைப் பிரதி எடுக்கும் நேரம் தவிர மற்ற நேரத்தில் கணினியோடு இணைத்து வைப்பதில்லை. கணினியை முடக்கும் வைரஸ், இணைந்திருக்கும் தட்டையும் சேர்த்தே முடக்கும்.

நகல் இருப்பது வேறு, அது திறப்பது வேறு. ஆண்டுக்கு ஒருமுறை வன்தட்டிலிருந்து சில நூல்களை எடுத்து, அச்சு பிடிஎஃப்பின் கைரேகையை மறுபடி கணக்கிட்டுப் பழைய வரியோடு ஒப்பிடுகிறோம். ஒத்துவரவில்லை என்றால் அந்தக் கோப்பு தட்டிலேயே சிதைந்திருக்கிறது, அப்போது மற்ற இரு நகல்களிலிருந்து நல்லதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். திறந்த கோப்புகளைத் திறந்தே பார்க்க வேண்டும். எழுத்துரு காணோம் என்று மென்பொருள் சொன்னால், அந்த நூலின் கோப்புறையில் எழுத்துரு சேராமல் போயிருக்கிறது என்று அப்போதே தெரியும்.

அச்சான ஓராண்டுக்குப் பிறகு இடைப்பட்ட மெய்ப்புப் பிடிஎஃப்களை அழித்துவிடுவோம். v01 அழியாது, அச்சான உரையும் அழியாது, திருத்தப் பட்டியல்களும் அழியாது. உங்கள் நூலின் உரிமை உங்களுக்குத் திரும்பும் நாளில் `text_printed` கோப்பும் உள்பக்கங்களின் பிடிஎஃப்பும் உங்களுக்கு வரும். அட்டை ஓவியரின் உரிமை தனி என்பதால், அட்டையின் திறந்த கோப்பை அவருடைய ஒப்புதலோடுதான் தர முடியும். மறுபதிப்பை வேறிடத்தில் கொண்டுவர எண்ணினால் அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கோப்பு அனுப்பும் நாளில் மின்னஞ்சலின் தலைப்பில் நூல் எண்ணையும் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். உடலில் இரண்டே வரி போதும்: இந்தக் கோப்பில் முந்தையதிலிருந்து என்ன மாறியிருக்கிறது, இனி பிரதி யார் கையில்.